ரவுட்டரின் இன்னொரு பாஸ்வேர்டு

2016 டிசம்பரில் காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆண்ட்ராய்டு போன்களைத் தொற்றும் ஒரு நச்சுநிரலைப் பற்றி எழுதினார்கள். ஸ்விட்சர் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அது முக்கியமாகச் சீனாவில் பரவியது. பைடு தேடுபொறியின் செயலியைப் போல ஒரு வேஷம், வைஃபை விவரங்களைப் பகிர்ந்துகொள்ள உதவும் பிரபலமான ஒரு செயலியைப் போல இன்னொரு வேஷம். போனுக்குள் நுழைந்துவிட்ட பிறகு அது குறிவைத்தது போனின் சொந்தக்காரரை அல்ல. அந்த போன் எந்த வைஃபையில் இணைந்திருக்கிறதோ, அந்த வைஃபையைக் கொடுக்கும் ரவுட்டரை.

அது செய்ததைப் படிப்படியாகப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், ஏனென்றால் அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கும். பயனர் பெயர் admin, பாஸ்வேர்டும் admin என்று போட்டுப் பார்க்கும். திறக்காவிட்டால் 123456, 12345678 என்று கையில் வைத்திருக்கும் சிறு பட்டியலில் ஒவ்வொன்றாக முயலும். திறந்துவிட்டால் இணைய இணைப்புக்கான பகுதிக்குப் போய் ஒரே ஒரு எண்ணை, டிஎன்எஸ் சர்வரின் முகவரியை, மாற்றிவிட்டு வெளியே வந்துவிடும். இரண்டாவது டிஎன்எஸ் இடத்தில் கூகுளின் 8.8.8.8 என்ற நல்ல முகவரியைப் போட்டுவைத்தது. திருடனின் சர்வர் என்றாவது படுத்துவிட்டாலும் வீட்டில் இணையம் நிற்கக் கூடாது, யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக. தாக்கியவர்களே வைத்திருந்த கணக்கின்படி 1,280 வைஃபை வலைப்பின்னல்கள் அதற்குள் அவர்கள் வசமாகியிருந்தன.

வீட்டு ரவுட்டருக்கு இரண்டு பாஸ்வேர்டுகள் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த வைஃபை பாஸ்வேர்டு. விருந்தாளி வந்ததும் கேட்கிறாரே, அது. அது இணையத்தைப் பயன்படுத்த அனுமதி தருகிறது, அவ்வளவுதான். இன்னொன்று அட்மின் பாஸ்வேர்டு. ரவுட்டரின் அமைப்புகளை மாற்றும் அதிகாரம் அதில்தான் இருக்கிறது. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் ஒட்டப்பட்டிருக்கும் சீட்டில் 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ ஒரு முகவரியும், அதன் கீழே பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அச்சிட்டிருக்கும். பழைய மாடல்கள் பலவற்றில் அந்த இரண்டுமே admin. ஒரு மாடலில் லட்சம் பெட்டிகள் விற்றிருந்தால் லட்சத்துக்கும் அதே சொல்.

“192.168 என்று தொடங்கும் முகவரி வீட்டுக்குள் மட்டும்தானே வேலை செய்யும், வெளியிலிருந்து ஒருவன் எப்படி அதைத் தொடமுடியும்?” என்று விவரம் தெரிந்தவர்களே கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த எண்கள் தனிப்பட்ட வலைப்பின்னல்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை, இணையத்தில் அவற்றுக்கு வழி கிடையாது. ஆனால் ஸ்விட்சர் வெளியிலிருந்து வரவில்லை. வைஃபை பாஸ்வேர்டு முறையாகப் போட்டு இணைந்த, வீட்டு ஆளின் சட்டைப்பையில் இருந்த போனிலிருந்து வந்தது. ரவுட்டரின் கண்ணுக்கு அந்த போனும் வீட்டுத் தலைவரின் லேப்டாப்பும் ஒன்றுதான். உள்ளே இருக்கும் எந்தக் கருவியும் நிர்வாகப் பக்கத்தின் வாசலுக்கு வரலாம். அங்கே நின்று கேள்வி கேட்பது அட்மின் பாஸ்வேர்டு ஒன்றுதான்.

நச்சுநிரல் கூட வேண்டியதில்லை என்று காட்டியவர்களும் உண்டு. 2006 கடைசியில் இண்டியானா பல்கலைக்கழகத்தின் சிட் ஸ்டாம், மார்கஸ் யாகோப்சன் இருவரும் சைமான்டெக் நிறுவனத்தின் சுல்பிகார் ரம்ஸானும் சேர்ந்து ஒரு வழியை விவரித்தார்கள். நாம் ஒரு வலைப்பக்கத்தைப் பார்க்கிறோம். அந்தப் பக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் சில வரிகள் நம் பிரவுசரையே ஏவி, வீட்டு ரவுட்டருக்கு ஒரு கட்டளையை அனுப்பவைக்கின்றன. பிரவுசர் வீட்டுக்குள் இருப்பதால் ரவுட்டர் அதை ஏற்றுக்கொள்ளும், பாஸ்வேர்டு மட்டும் சரியாக இருந்தால் போதும். இன்றைய பிரவுசர்கள் இந்த வழியைப் பெருமளவு அடைத்துவிட்டன. பாஸ்வேர்டை முகவரிக்குள்ளேயே வைத்து அனுப்பும் பழைய முறையைக் குரோம் 2017-இல் தடுத்தது. ஆனாலும் வீட்டுக்குள் இருக்கும் ஏதாவது ஒரு கருவி அடுத்தவன் சொற்படி நடக்கக்கூடும் என்ற அடிப்படை மாறவில்லை. டிவி பெட்டியும் கேமராவும் மலிவு ஸ்மார்ட் பல்பும் அதே வைஃபையில்தான் இருக்கின்றன.

ஒரே ஒரு எண்ணை மாற்றுவதால் என்ன கெடுதல் வந்துவிடும்? நாம் பிரவுசரில் வங்கியின் பெயரை எழுதுகிறோம். கணினிக்கு அந்தப் பெயர் போதாது, சர்வரின் எண் முகவரி வேண்டும். அதைச் சொல்லித்தருவதுதான் டிஎன்எஸ் சர்வர். புது ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டிக்கடைக்காரரிடம் விலாசத்தைக் காட்டி வழி கேட்பது போல. அவர் சொல்லும் தெருவில்தான் நடப்போம், வேறு வழியில்லை. ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரி மாறினால் அந்த வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் தவறான ஆளிடம் வழி கேட்கத் தொடங்கும். நச்சுநிரல் இருக்கிறதா என்று துருவித் துருவித் தேடினாலும் மற்ற கருவிகளில் ஒன்றும் அகப்படாது. ரவுட்டரை அணைத்துப் போட்டாலும் போகாது, ஏனெனில் அது சேமிக்கப்பட்ட அமைப்பு.

இந்த ஏமாற்றுக்கு ஓர் எல்லை இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். வங்கித் தளங்கள் இப்போது எச்.டி.டி.பி.எஸ் முறையில் இயங்குகின்றன. பொய் சர்வரிடம் வங்கியின் சான்றிதழ் இருக்காது, எனவே பிரவுசர் முழுப்பக்கத்துக்கு எச்சரிக்கை காட்டும். அதனால்தான் டிஎன்எஸ் திருடர்கள் பெரும்பாலும் வேறு பாதையில் வருகிறார்கள். பூட்டுப் போடாத தளங்களில் விளம்பரத்தைத் திணிப்பார்கள், “உங்கள் பிரவுசரைப் புதுப்பியுங்கள்” என்று பக்கம் காட்டி ஒரு கோப்பை இறக்கவைப்பார்கள். இரண்டு மூன்று கருவிகளில் ஒரே சமயத்தில் சான்றிதழ் எச்சரிக்கை வந்தாலோ, வீட்டு வைஃபையில் மட்டும் வந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் மறைந்துவிட்டாலோ, சந்தேகப்படவேண்டியது ரவுட்டரைத்தான்.

இனி மாற்றும் வேலை. எங்கள் அத்தை வீட்டில் செய்ததையே சொல்கிறேன். ஊர் கேபிள்காரர் மூலம் வந்த ஃபைபர் இணைப்பு. சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டிக்குள் ஃபைபரை வாங்கும் மோடமும் வைஃபை ரவுட்டரும் ஒன்றாகவே இருந்தன.

“ஏம்ப்பா, பாஸ்வேர்டெல்லாம் அவரே போட்டுக் குடுத்துட்டாரே. பேரன்தான் எல்லா போன்லயும் அடிச்சு வச்சிருக்கான்” என்றார் அத்தை.

“அது வைஃபை பாஸ்வேர்டு அத்தை. நான் கேக்குறது இந்தப் பெட்டியோட பாஸ்வேர்டு.”

“அதுக்கு வேற தனியா இருக்கா?”

முதலில் ரவுட்டரின் முகவரி தெரியவேண்டும். சீட்டில் இருப்பதை நம்புவதைவிடக் கருவியிடமே கேட்டுவிடுவது நல்லது. விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து இதை அடித்தால் போதும்:

```
ipconfig
```

வரும் பட்டியலில் Default Gateway என்ற வரியில் இருப்பதுதான் ரவுட்டர். ஆண்ட்ராய்டு போனில் இணைந்திருக்கும் வைஃபையின் விவரத்துக்குள் Gateway என்றும், ஐபோனில் Router என்றும் அதே எண் தெரியும். அத்தை வீட்டில் 192.168.1.1. அதை பிரவுசரின் மேல்பட்டையில் அடிக்கவேண்டும். இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். ஒன்று என்ற எண்ணுக்குப் பதில் எல் எழுத்தை அடித்துவிட்டால் தேடுபொறி திறந்துகொள்ளும். அதில் ரவுட்டர் லாகின் என்று வரும் ஏதோ ஒரு விளம்பரத் தளத்தைச் சொடுக்கி, அங்கே போய் பாஸ்வேர்டைத் தட்டிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். http:// என்பதையும் சேர்த்து அடித்தால் இந்தக் குழப்பம் வராது. போனில் செய்தால் மொபைல் டேட்டாவையும் விபிஎன் இருந்தால் அதையும் அணைத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். “பாதுகாப்பற்றது” என்று பிரவுசர் சொல்வது இந்த ஒரு பக்கத்துக்கு இயல்பானது. வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு வெளி நிறுவனம் எதுவும் சான்றிதழ் தந்திருக்காது.

சீட்டில் இருந்தபடி admin, admin. திறந்துவிட்டது.

உடனே பாஸ்வேர்டை மாற்றும் இடத்துக்கு ஓடவேண்டாம். முதலில் WAN பக்கத்தைத் திறந்து, தெரிவதை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்பு PPPoE என்றிருந்தால் அதன் பயனர் பெயரும் VLAN ID என்ற எண்ணும் அதில் இருக்கும். பின்னால் ஏதாவது தவறி, ரவுட்டரை ஆலை நிலைக்குத் திருப்பவேண்டி வந்தால் இவை இல்லாமல் இணையம் வராது. PPPoE பாஸ்வேர்டு புள்ளிகளாக மறைந்திருக்கும், அதை இப்போதே கேபிள்காரரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்வது நல்லது. அதே பக்கத்தில் டிஎன்எஸ் பகுதியையும் பார்த்துவிடலாம். தானாகப் பெறுவது என்று இருந்தால் சரி. யாரோ எண்களை நிரப்பியிருந்தால், அவை நாம் போட்டதா, இணைப்புக்காரர் போட்டதா என்று கேட்கவேண்டும். 8.8.8.8, 1.1.1.1, 9.9.9.9 ஆகியவை ஊரறிந்த பொது டிஎன்எஸ்கள், அவற்றால் பயமில்லை. ஆனால் இரண்டாவது எண் நல்லதாக இருப்பதால் முதல் எண்ணும் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது என்பதை ஸ்விட்சர் காட்டியிருக்கிறது. LAN அல்லது DHCP என்ற பக்கத்திலும் டிஎன்எஸ் கட்டம் ஒன்று உண்டு, அதையும் பார்க்கவேண்டும். அத்தை வீட்டில் இரண்டு இடமும் சுத்தமாக இருந்தது.

பாஸ்வேர்டை மாற்றும் இடத்துக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. System Tools, Management, Administration, Maintenance ஆகியவற்றில் ஏதாவது ஒன்றின் கீழே இருக்கும். பழையதை ஒருமுறை, புதியதை இருமுறை கேட்கும். பயனர் பெயரையும் மாற்றவிட்டால் மாற்றிவிடுங்கள்.

எப்படிப்பட்ட பாஸ்வேர்டு? இங்கே தாக்குபவன் ரவுட்டரின் வாசலில் நின்று ஒவ்வொன்றாக முயலவேண்டும், ரவுட்டரோ மெதுவாகப் பதில் சொல்லும் சிறு கணினி. விநாடிக்கு 10 முயற்சி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆறு இலக்க எண் என்றால் மொத்தம் 10 லட்சம் வாய்ப்புகள், ஏறக்குறைய 28 மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். எந்த அர்த்தமும் இல்லாமல் கலைத்துப்போட்ட பத்து ஆங்கிலச் சிற்றெழுத்துகள் என்றால் எல்லாவற்றையும் முயன்றுமுடிக்க நான்கு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே தலையைப் பிய்த்துக்கொள்ளும் அளவுக்குச் சிக்கலானது தேவையில்லை. பட்டியலில் இல்லாததாகவும், வீட்டைத் தெரிந்தவர் ஊகிக்க முடியாததாகவும் இருக்கவேண்டும், அவ்வளவே. வீட்டு போன் நம்பரைப் போடுவது நம் ஊரில் பரவலான வழக்கம். பத்து இலக்கம் இருந்தாலும் அது தெருவுக்கே தெரிந்த எண். வைஃபை பாஸ்வேர்டையே இதற்கும் வைப்பது அதைவிட மோசம், ஏனென்றால் விருந்தாளிகள் எல்லோரிடமும் அது ஏற்கெனவே இருக்கிறது.

நான் எழுத்தும் எண்ணும் கலந்து 12 வைத்தேன். சிறப்புக்குறிகளைச் சேர்க்கவில்லை, ஏனெனில் மலிவான ரவுட்டர்களின் மென்பொருள் சிலவற்றில் & போன்ற குறிகள் தகராறு செய்யும். பழைய மாடல்கள் சில 15 எழுத்துக்கு மேல் ஏற்காது. சேமித்த பிறகு வெளியேறி, முதலில் பழைய admin-ஐப் போட்டுப் பார்க்கவேண்டும், அது மறுக்கப்படவேண்டும். பிறகு புதியதைப் போட்டு உள்ளே போகவேண்டும். இந்த இரண்டு சோதனையும் முடியாமல் வேலை முடிந்ததாக எண்ணக் கூடாது.

“இனி எல்லா போன்லயும் மறுபடி அடிக்கணுமா?” என்று அத்தை கவலைப்பட்டார். வேண்டியதில்லை. அட்மின் பாஸ்வேர்டை மாற்றினால் ஒரு கருவியும் துண்டிக்கப்படாது. வைஃபை பாஸ்வேர்டை மாற்றினால்தான் எல்லாவற்றிலும் மறுபடி போடவேண்டும். புதிய அட்மின் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் ஃபைலில் வைத்தோம். பாஸ்வேர்டை எழுதிவைக்கவே கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. இந்த ஒரு பாஸ்வேர்டுக்கு எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கே எதிரி பீரோவைத் திறக்கும் ஆள் அல்ல, போனுக்குள் இருக்கும் நிரல். வருஷத்துக்கு ஒருமுறை தேவைப்படும் சொல்லை மறப்பதுதான் உண்மையான ஆபத்து. பெட்டியின் மேல் மட்டும் ஒட்டிவைக்கவேண்டாம்.

இந்த வகைப் பெட்டிகளில் இன்னொரு விஷயம் இருக்கிறது. நமக்குக் கொடுத்த கணக்கைத் தவிர, இணைப்பு கொடுத்தவருக்கென்று மேல்நிலைக் கணக்கு ஒன்று உள்ளே இருக்கக்கூடும். நம் பாஸ்வேர்டை மாற்றினால் அது மாறாது. “அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு எல்லா வீட்டுக்கும் ஒன்றேவா?” என்று கேபிள்காரரிடம் கேட்டுவிடுங்கள். ஆமாம் என்றால், எங்கள் வீட்டுக்கு வேறு வையுங்கள் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அடுத்தது, ரவுட்டரின் வாசல் தெருப் பக்கமாகவும் திறந்திருக்கிறதா என்பது. Remote Management என்றோ, WAN பக்கத்திலிருந்து நிர்வாகம் செய்ய அனுமதி என்றோ ஒரு தேர்வு இருக்கும். டெல்நெட் என்ற பழைய கட்டளை வழியும் அதன் அருகில் இருக்கும். வீட்டுக்காரருக்கு இவை இரண்டும் தேவையே இல்லை, அணைத்துவிடலாம். இவை திறந்திருந்தால் ஸ்விட்சரைப் போல உள்ளே நுழைந்து வரவேண்டிய அவசியம்கூட இல்லை. 2016-இல் உலகை உலுக்கிய மிராய் நிரல் அப்படித்தான் பரவியது. இணையம் முழுக்கத் திறந்த டெல்நெட் வாசல்களைத் தேடி, 62 பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகளை முயன்றது. அதன் மூல நிரல் வெளியானபோது அந்தப் பட்டியலை எல்லோரும் படிக்க முடிந்தது. root என்ற பெயருக்கு xc3511, admin-க்கு password, support-க்கு support என்று போகிறது அது. xc3511 பார்க்க வலுவான பாஸ்வேர்டு போலத் தோன்றும். ஆனால் அது கேமராக்களில் ஆலையிலேயே பொறிக்கப்பட்ட சொல், ஆகவே முயலும் பட்டியலில் முன்வரிசையில் இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இப்படிப் பிடிபட்ட கருவிகள் டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் மேல் ஒரே நேரத்தில் பாய்ந்தபோது ட்விட்டர் போன்ற தளங்களே பலருக்குத் திறக்கவில்லை.

நமக்கு அருகிலும் நடந்திருக்கிறது. 2017 ஜூலையில் கர்நாடகத்தில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்களை ஒரு நச்சுநிரல் தாக்கி, பலருக்கு இணைப்பு நின்றுபோனது. admin என்ற ஆலைப் பாஸ்வேர்டை மாற்றாத மோடம்களே பாதிக்கப்பட்டன என்று நிறுவனம் சொல்லி, வாடிக்கையாளர்களை அதை மாற்றும்படி கேட்டுக்கொண்டது.

TR-069 என்ற பெயரில் ஓர் அமைப்பு கண்ணில் படும். இணைப்பு கொடுப்பவர் தொலைவிலிருந்து பெட்டியைச் சரிசெய்யவும் மென்பொருளைப் புதுப்பிக்கவும் பயன்படுத்தும் வழி அது. பெட்டி அவர்கள் கொடுத்ததாக இருந்தால் அதைத் தொடவேண்டாம். விருந்தாளிகளுக்கென்று Guest Network இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் அதில் இணைந்த போன்களால் நிர்வாகப் பக்கத்தின் வாசலுக்கே வரமுடியாது. தவறான பாஸ்வேர்டு சில முறை போட்டால் சற்று நேரம் பூட்டும் வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள். வேலை முடிந்ததும் லாக்அவுட் செய்யவேண்டும். திறந்த அமர்வை அப்படியே விட்டுவிட்டு அதே பிரவுசரில் வேறு தளங்களுக்குப் போகக் கூடாது.

இத்தனை செய்தாலும் பாஸ்வேர்டால் தடுக்க முடியாதது ஒன்று உண்டு. 2011-இல் தொடங்கி பிரேசிலில் 45 லட்சம் டிஎஸ்எல் மோடம்களின் டிஎன்எஸ் மாற்றப்பட்டதாக 2012-இல் காஸ்பர்ஸ்கியின் ஃபாபியோ அசோலினி விவரித்தார். 40 பொய் டிஎன்எஸ் சர்வர்கள் அதற்காக இயங்கின. அங்கே பாஸ்வேர்டை ஊகிக்கவே இல்லை. மோடம் மென்பொருளில் இருந்த ஓட்டை, கேட்டால் பாஸ்வேர்டையே எடுத்துக் கொடுத்துவிட்டது. அதற்கு மருந்து மென்பொருள் புதுப்பிப்பு மட்டுமே. நிர்வாகப் பக்கத்தில் Firmware Upgrade என்ற இடத்தில் தேதி பல வருஷம் பழையதாக இருந்தால், புதியது இருக்கிறதா என்று தயாரித்தவரின் தளத்தில் பார்க்கவேண்டும். பெட்டி இணைப்புக்காரருடையது என்றால் அவரிடம் கேட்கவேண்டும்.

ஆலைப் பாஸ்வேர்டுப் பிரச்சினையை வாங்குபவர் தலையில் கட்டுவது சரியில்லை என்று அரசுகளும் உணர்ந்துவிட்டன. 2020 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு இருக்கவேண்டும், அல்லது முதல்முறை இயக்கும்போதே புதியது வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவேண்டும். பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் இதே போன்ற விதியைக் கொண்டுவந்தது. அதனால் புதிய ரவுட்டர்கள் பல முதல் திரையிலேயே பாஸ்வேர்டு கேட்கின்றன. உங்களுடையது அப்படிக் கேட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது, டிஎன்எஸ் பக்கத்தையும் தொலை நிர்வாகத்தையும் பார்ப்பது மட்டும் மிச்சம்.

பாஸ்வேர்டு மறந்தே போய்விட்டால் பெட்டியின் பின்னால் Reset என்ற சிறு துளை இருக்கும். மின்சாரம் ஓடும்போதே ஊசியால் பத்து விநாடி அளவுக்கு அழுத்திப் பிடித்தால் விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரியும். எல்லாம் ஆலை நிலைக்குத் திரும்பிவிடும், PPPoE விவரம் உட்பட. முன்பு எடுத்த படமும் எழுதிவைத்த பாஸ்வேர்டும் அப்போதுதான் கைகொடுக்கும். அட்மின் பாஸ்வேர்டும் சீட்டில் உள்ளதற்கே திரும்பியிருக்கும். மின்னல் அடித்துப் பெட்டி போய், கேபிள்காரர் வேறொன்றை மாட்டிவிட்டுப் போனாலும் இதே கதைதான், அதற்குள்ளும் admin, admin என்றுதான் இருக்கக்கூடும். அவர் ஏணியிலிருந்து இறங்குவதற்குள் அந்தச் சீட்டை ஒருமுறை படித்துவிடுங்கள்.